ஒரு நாளைக்கு எவ்வளவு? மூன்று நாடு, பதினான்கு நாள், எண்பதாயிரம் ரூபாய்

2024 பொங்கல் முடிந்த கையோடு நானும் சத்துவாச்சாரி நண்பன் ஒருவனும் முதுகுப்பையோடு காட்பாடியில் ரயில் ஏறினோம். பாங்காக்கில் இறங்கி, அங்கிருந்து தரைவழியாகக் கம்போடியா, அப்புறம் வியட்நாம், ஹோ சி மின் நகரத்திலிருந்து கோலாலம்பூர் மாறி சென்னை. ஆளுக்கு எண்பதாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று முடிவு. இந்தப் பணத்தை எப்படி நாள்வாரியாகப் பிரித்தோம், எங்கே கணக்கு தப்பியது என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கிளம்புவதற்கு முன் நான் போட்ட முதல் கணக்கு முழுக்கத் தப்பு.

முதல் கணக்கு எல்லாரும் போடுவதுதான். எண்பதாயிரத்தைப் பதினான்கால் வகுத்தேன், நாளுக்கு ஐயாயிரத்து எழுநூறு வந்தது. தாராளமாக இருக்கிறதே என்று நண்பனிடம் சொன்னேன். "டேய், இதுல பிளைட் டிக்கெட் எங்கடா இருக்கு?" என்று கேட்டான். உட்கார்ந்து எழுதினோம். போக வர விமானம் 22,000. கம்போடியா இ-விசா 36 டாலர், வியட்நாம் இ-விசா 25 டாலர், இரண்டும் சேர்ந்து சுமார் 5,100 ரூபாய் (தாய்லாந்துக்கு அப்போது நமக்கு விசா தேவையில்லை). காப்பீடு 1,300. காட்பாடியிலிருந்து விமான நிலையம் போக வர 800. அங்கோர் வாட் மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதாவது 5,150. இதெல்லாம் ஊர் சுற்றினாலும் அறையில் படுத்திருந்தாலும் மாறாத செலவு, கூட்டினால் 34,350. அவசரத்துக்கு 5,000 தனியாக எடுத்து வைத்தோம். மிச்சம் 40,650.

சரி, இதைப் பதினான்கால் வகுக்கலாம் என்றால் அதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரே ஊரில் தங்கும் நாளும் நாடு விட்டு நாடு நகரும் நாளும் ஒன்றல்ல. தங்கும் நாளுக்கு, பங்குப் படுக்கை அறை, மூன்று வேளை சாப்பாடு, தண்ணீர், காபி, உள்ளூர் பஸ் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் வந்தது. படுக்கையின் விலையை நாங்கள் முன்பதிவுத் தளத்தில் "இதிலிருந்து தொடங்கும்" என்று போட்டிருக்கும் எண்ணை வைத்து எடுக்கவில்லை, போகும் தேதியைப் போட்டு, நல்ல மதிப்பெண் உள்ள இடங்களில் விலை வரிசையில் மூன்றாவதை எடுத்தோம். வெள்ளி, சனி என்றால் அதே படுக்கை ஏறிவிடும். சாப்பாட்டிலும் அப்படித்தான். தாய்லாந்துத் தெருக்கடையில் ஐம்பது அறுபது பாட் கொடுத்தால் ஒரு தட்டு கிடைக்கும், ஆனால் நம்ம ஊர் அளவுச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு ஒரு தட்டு போதாது. நண்பன் செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டான், தாய்லாந்தில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழும். "ஜே" என்று சொல்லிக் கேட்டால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், அந்தக் கடை பக்கத்தில் இல்லையென்றால் இந்திய ஓட்டல்தான், விலை மூன்று மடங்கு. அந்த நாட்களுக்கு அவன் தனியாகக் கூட்டிப் போட்டான்.

நகரும் நாளுக்கு உதாரணமாகப் பாங்காக்கிலிருந்து அங்கோர் வாட் இருக்கும் சியம் ரீப் போன நாளைச் சொல்கிறேன். ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து அதிகாலை ரயில், எல்லை வரை மூன்றாம் வகுப்பு 49 பாட்தான். இதைப் படித்துவிட்டு அன்றைக்குச் செலவே இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விடியற்காலை நிலையத்துக்கு டாக்சி, வழியில் சாப்பாடு, எல்லை தாண்டியதும் பாய்பெட்டில் பகிர்வு கார் ஆளுக்கு 18 டாலர், புது சிம் 5 டாலர், இரவுச் சாப்பாடு, படுக்கை, டுக்டுக் எல்லாம் சேர்ந்து 3,530 ரூபாய் ஆனது. (2025இல் எல்லை மோதலில் அந்தத் தரைவழி மூடப்பட்டது. இப்போது திட்டம் போடுகிறவர்கள் இந்த இடத்துக்கு விமானச் செலவை வைத்துப் பாருங்கள்.) வந்து இறங்கும் நாள், திரும்பும் நாள் சேர்த்து எங்களுக்கு நகரும் நாள் ஐந்து, தங்கும் நாள் ஒன்பது. நகரும் நாளுக்கு 3,500 ஒதுக்கிவிட்டு மீதியை விரிதாளில் ஒன்பதால் வகுத்தோம்:

```
=(80000-34350-5000-5*3500)/9
```

2,572 வந்தது. தேவை 2,200, ஆக இழுத்துப் பிடித்தால் போகலாம் என்று தெரிந்தது.

முதல் நாளே அடி விழுந்தது. பாங்காக் ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு அப்போது ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடித்தார்கள், எவ்வளவு எடுத்தாலும் அதே 220. கையில் அதிகம் வேண்டாம் என்று 2,000 பாட்டாக மூன்று தடவை எடுத்தேன், 660 பாட் கட்டணத்துக்கே போனது. ஒரே தடவையில் ஆறாயிரம் எடுத்திருந்தால் 220தான். அதோடு திரையில் ரூபாயிலேயே கணக்குப் போடவா என்று கேட்டதற்குச் சரி கொடுத்துவிட்டேன். அந்த மாற்று விகிதம் நம் வங்கி தருவதைவிட மோசம். "without conversion" என்பதைத்தான் அழுத்த வேண்டும்.

வேலூர் லாங் பஜாரில் கடை அடைத்ததும் அப்பா கல்லாவை எண்ணாமல் ஷட்டரை இறக்கமாட்டார். அதையே நாங்களும் செய்தோம். தினம் ராத்திரி படுக்கையில் நோட்டைப் பரப்பி எண்ணி, மீதிப் பணத்திலிருந்து இனி வரும் நகரும் நாட்களின் தொகையைக் கழித்து, மிச்சத்தை இனி வரும் தங்கும் நாட்களால் வகுப்போம். மூன்றாம் நாள் இரவு 30,450 இருந்தது. அதைச் சும்மா பதினொன்றால் வகுத்தால் 2,768, கவலையே இல்லை என்று தோன்றும். ஆனால் நான்கு நகரும் நாளுக்கு 14,000 கழித்து ஏழால் வகுத்தால் 2,350தான். அந்த நானூறு ரூபாய் வித்தியாசத்தில்தான் பலருக்கு இரண்டாவது வாரம் பணம் தீர்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிய ஓட்டை சியம் ரீப்பில் தெரிந்தது. அங்கோர் சீட்டைக் கணக்கில் வைத்தோம், அங்கே சுற்ற வண்டி வைக்கவில்லை. கோயில்கள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கின்றன, டுக்டுக் ஓட்டுநரை நாள் முழுக்கப் பேசி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். சூரிய உதயம் பார்க்க என்றால் இன்னும் கூட. மூன்று நாளும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கூடி, நாளுக்கு 2,700 ஆனது. ஏழாம் நாள் இரவு எண்ணினால் 18,820. மூன்று நகரும் நாள் கழித்தால் தங்கும் நாளுக்கு 2,080, தேவையைவிடக் குறைவு. "மெக்காங் டூரை விட்டுடலாம் மச்சான்" என்று அவனே சொன்னான். எனக்கு ஆசைதான், ஆனாலும் விட்டோம்.

வியட்நாம் எங்களைக் காப்பாற்றியது. அங்கே படுக்கை அறுநூறு ரூபாய்க்குள், காலையில் 25,000 டாங்குக்கு, அதாவது எண்பத்தைந்து ரூபாய்க்கு, பான் மி ரொட்டி ஒன்று வயிற்றை அடைத்தது. ஹோ சி மின்னில் மூன்று நாளும் 1,800ஐத் தாண்டவில்லை. காட்பாடியில் இறங்கியபோது கையில் 2,720 இருந்தது, அவசர ஐயாயிரம் தொடாமல் அப்படியே. அடுத்த மாதம் நண்பனின் தம்பி லாவோஸ் பக்கம் போகிறான், அதே விரிதாளை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன், நுழைவுச்சீட்டுக்குப் பக்கத்தில் "அங்கே சுற்ற வண்டி" என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்து.