34 மாதம் எப்படி 2 ஆண்டு 8 மாதம் ஆனது?

143 குழந்தைகளின் உயரமும் எடையும் அளந்து முடித்திருந்தோம். வயது மாதங்களில் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. பெற்றோரிடம் காட்டும் பட்டியலில் ஆண்டும் மாதமுமாக இருக்க வேண்டும், வளர்ச்சி வரைபடத்திலும் அப்படியே குறிக்க வேண்டும் என்பதால், மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

எக்செலில் மாதத்தை 12 ஆல் வகுத்து, ஒரு தசம இடம் மட்டும் தெரியும்படி வைத்தேன். சில வரிகளைச் சரிபார்த்தேன். 13 மாதத்துக்கு 1.1 வந்தது, 26 மாதத்துக்கு 2.2 வந்தது. 1 ஆண்டு 1 மாதம், 2 ஆண்டு 2 மாதம். சரிதானே என்று புள்ளிக்குப் பின் வந்த எண்ணை மாதமாக எழுதிக்கொண்டே போனேன்.

மறுநாள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தபோது ஒன்று உறுத்தியது. இத்தனை குழந்தைகளில் ஒருவருக்குக்கூட 10 மாதமோ 11 மாதமோ வரவில்லை. அது எப்படி? மூலப் பட்டியலைப் பார்த்தேன். 34 மாதக் குழந்தை 2 ஆண்டு 8 மாதம் என்று இருந்தது. 33 மாதக் குழந்தையும் அதேதான்.

காரணம் எளிது. 34 ஐ 12 ஆல் வகுத்தால் 2.83. அந்த .83 என்பது ஓர் ஆண்டின் நூறில் 83 பங்கு, அதாவது 10 மாதம். தசமம் பத்தைக் கொண்டு எண்ணுகிறது, ஆண்டு பன்னிரண்டைக் கொண்டு எண்ணுகிறது. மீதம் 3 மாதம் வரை இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. நான் சரிபார்த்த வரிகள் அப்படித்தான் தப்பின. மீதம் 4 ஆனதும் விலகல் தொடங்குகிறது. 6 மாதம் 5 ஆகிறது, 11 மாதம் 9 ஆகிறது. முழு மாதங்களில் விலகல் எப்போதும் ஒரே பக்கம்தான்: குழந்தையின் வயது குறைந்துவிடுகிறது. வயது குறைந்தால், இருக்கும் உயரம் போதும் என்று தோன்றிவிடும். என்னை உலுக்கியது இதுதான்.

அந்த 34 மாத ஆண் குழந்தையின் உயரம் 87.0 செ.மீ. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரநிலையில், ஆண் குழந்தைக்கு 2 ஆண்டு 8 மாதத்தில் குட்டை வளர்ச்சிக்கான எல்லைக்கோடு 86.4 செ.மீ. என் பட்டியல்படி அவன் கோட்டுக்கு மேலே இருந்தான். உண்மையான வயதான 2 ஆண்டு 10 மாதத்துக்கு அந்த எல்லை 87.5. அவன் கோட்டுக்குக் கீழே இருக்கிறான். கவனிக்க வேண்டிய ஒரு குழந்தையை என் வகுத்தல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

திருத்தும்போது முதலில் 2.10 என்று தட்டச்சு செய்தேன். எக்செல் கடைசிச் சுழியத்தை நீக்கி 2.1 ஆக்கிவிட்டது, 10 மாதம் 1 மாதமாகிவிட்டது. 2-10 என்று எழுதினால் தேதியாக மாற்றிவிடுகிறது. ஆகவே புள்ளியும் கோடும் வேண்டாம் என்று முடிவு செய்து, சொல்லாகவே எழுதச் செய்தேன். மாதம் B2 கட்டத்தில் இருந்தால்:

```
=INT(B2/12)&" ஆண்டு "&INT(MOD(B2,12))&" மாதம்"
```

வகுத்து வரும் முழு எண் ஆண்டு, மீதம் மாதம். மீதத்துக்கு இன்னொரு INT எதற்கு என்று கேட்கலாம். சில குழந்தைகளின் வயது நாள்களிலிருந்து கணக்கிடப்பட்டு 23.8 என்பதுபோல் வந்திருந்தது. அதன் மீதம் 11.8, அதை அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் "1 ஆண்டு 12 மாதம்" என்று வரும். பட்டியலில் எங்காவது 12 மாதம் தென்பட்டால் இந்தப் பிழை இருக்கிறது என்று பொருள். வளர்ச்சி வரைபடம் கேட்பது நிறைவடைந்த மாதங்களை, 23.8 மாதக் குழந்தைக்கு 23 மாதம்தான் நிறைந்திருக்கிறது. இந்த இடத்தில் அது பெரிய வேறுபாடு. 24 மாதம் நிறையும் வரை குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்கிறோம், அதன்பின் நிற்க வைத்து உயரம் அளக்கிறோம். படுத்த அளவு சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். 23ஐ 24 ஆக்கினால் படுத்த அளவை நின்ற அளவின் கோட்டோடு ஒப்பிட்டுவிடுவோம்.

சரிபார்க்க இம்முறை நாலைந்து வரிகளோடு நிறுத்தவில்லை. ஆண்டை 12 ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்டி, நிறைவடைந்த மாதத்தோடு 143 வரிகளிலும் ஒப்பிட்டேன். மூல மாத நெடுவரிசையை அழிக்கவில்லை. வரைபடத்தில் புள்ளி வைப்பதும் அதைப் பார்த்துத்தான்.

அந்தக் குழந்தையை மறுபடி அழைத்து அளந்தோம். 86.9 செ.மீ. அவன் பெயர் கவனிப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.