பேதி குறைந்த மூன்றாம் நாள்

“பதினொரு தடவை போனவன் இன்று ஐந்து தடவைதான் போயிருக்கிறான். குணமாகும் நேரத்தில் ஏன் குடலை எடுக்கிறீர்கள் டாக்டர்?” அந்த அம்மாவின் கேள்வியில் தவறே இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னை விடவில்லை.

பையனுக்கு 26 வயது. பெருங்குடல் அழற்சி முற்றிய நிலையில் வந்தான். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் பார்க்கிறோம்: நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தப் பேதி, அதோடு காய்ச்சல், நாடித்துடிப்பு 90க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ் என ஏதேனும் ஒன்று இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவனுக்கு நாடி 112, ஹீமோகுளோபின் 9.2. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மில்லிகிராம் வீதம் ஆறு மணிக்கொரு முறை இரத்த நாளத்தில் ஏற்றினோம். மலப் பரிசோதனையில் தொற்று இல்லை. ஸ்டீராய்டு பலிக்காவிட்டால், நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் தேவைப்படலாம் என்று முதல் நாளே காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் சோதனை அனுப்பிவிட்டோம். ஸ்டீராய்டு பலிக்கிறதா என்று தீர்மானிக்கும் மூன்றாம் நாளில் அந்த முடிவுகளுக்காகக் காத்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் பேதி ஐந்து. ஆனால் இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. 58. பேதி மூன்று முதல் எட்டு வரை இருந்து, சி.ஆர்.பி. 45ஐத் தாண்டினால், ஸ்டீராய்டை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வழக்கமாக அடுத்து இன்ஃபிளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின். நானும் அதைத்தான் எழுத நினைத்திருந்தேன். அவன் வயிற்றில் கை வைத்தபோது உப்பியிருந்தது. குடல் சத்தம் கேட்கவில்லை. காய்ச்சல் 38.6, நாடி 124. எக்ஸ்ரேயில் குறுக்குக் குடலின் அகலம் 7 சென்டிமீட்டர். 6ஐத் தாண்டினாலே, அதுவும் இத்தனை காய்ச்சலோடு, ஆபத்து.

அம்மாவிடம் சொன்னேன்: “பேதி குறையவில்லை அம்மா, குடல் அசைவதை நிறுத்திவிட்டது. அதனால்தான் வெளியே வரவில்லை.” வலி குறைந்ததையும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது, குடல் ஓட்டையானால்கூட ஸ்டீராய்டு அந்த வலியை மறைத்துவிடும்.

முதல் நாளிலிருந்தே பையனைப் பார்த்துவந்த அறுவை மருத்துவர் அன்று மாலையே பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றில் திறப்பாக வைத்தார். குடல் நனைந்த காகிதம் போலக் கையில் இழைந்தது, ஆனால் கிழியவில்லை.

பிறகு ஒருநாள், அந்தத் திறப்பில் ஒட்டிய பையை மாற்றப் பழகிக்கொண்டிருந்தவன் கேட்டான்: “இன்ஃபிளிக்ஸிமாப் ஒரு டோஸ் போட்டுப் பார்த்திருந்தால் என் குடல் தப்பியிருக்குமா?” சிலருக்கு இரைப்பைக்குள் குழாய் விட்டுக் காற்றை உறிஞ்சி, மணிக்கொரு முறை பார்த்து, ஒரு நாள் காத்திருந்ததில் குடல் சுருங்கியதுண்டு. இவனுக்கும் அப்படி நடந்திருக்கலாம். அந்த இரவிலேயே கிழிந்தும் இருக்கலாம். கிழிந்தபின் அறுத்தால் உயிரிழப்பு மிக அதிகம்.

புண்கள் தசை வரை இறங்கியிருந்தன என்று திசு அறிக்கை வந்தது. அதைப் படித்ததும் ஆறுதலாக இருந்தது. ஆனால் அறிக்கை அன்றைய குடலைத்தான் சொல்கிறது. மருந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அவன் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதையும் அவனிடம் சொன்னேன்.