ரெண்டு மார்க்ல போன அரியரும் 90வது பெர்சென்டைலும்

நேத்து ரிசல்ட் வந்துச்சு, ஒரு வழியா ஸ்டாட்ஸ் அரியர் க்ளியர். போன தடவ ரெண்டே மார்க்ல போச்சு, அதுவும் நல்லா தெரியும்னு நெனச்ச பெர்சென்டைல் கணக்குல, அந்தக் கடுப்பு இன்னும் போகல. ப்ராபபிலிட்டி டென்சிட்டிய இன்டிக்ரேட் பண்ணி, மீடியனுக்கு 0.5க்கும் 90வது பெர்சென்டைலுக்கு 0.9க்கும் சமமா போடணும்னு எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. டென்சிட்டி ரெண்டு துண்டா வந்தாதான் மாட்டுவோம். நான் மாட்டினது இந்த மாதிரி ஒண்ணுல:

f(x) = x/3, 0 ≤ x ≤ 2
f(x) = 2(3 − x)/3, 2 < x ≤ 3

மீடியன் ஈசி. 0ல இருந்து m வரைக்கும் இன்டிக்ரேட் பண்ணா m²/6 = 1/2, m = √3, அதாவது 1.732. சரியான விடைதான், ஆனா அது சரியா வந்ததே என் கெட்ட நேரம், ஏன்னா அதே சூத்திரத்துல 90வது பெர்சென்டைலையும் போட்டுட்டேன். p²/6 = 0.9, p = 2.324. 0க்கும் 3க்கும் நடுவுலதானே இருக்குன்னு நம்பி அடிக்கோடு வேற போட்டுட்டு வந்தேன். x²/6ங்கறது 2 வரைக்கும்தான் செல்லும், 2.324 வந்த உடனே உறைச்சிருக்கணும், உறைக்கல.

இப்ப நான் மொதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணு, துண்டு மாறுற இடம் வரைக்கும் எவ்ளோ ஏரியா சேர்ந்திருக்கு? இங்க 2 வரைக்கும் 4/6 = 2/3. மீடியனுக்கு 0.5தான் வேணும், அது 2/3ஐ விட கம்மி, அதனால மொத துண்டுலயே கெடைக்கும். 0.9 அதைவிட ஜாஸ்தி, ரெண்டாவது துண்டுக்குப் போயே ஆகணும். போகும்போது அந்த 2/3ஐ விட்டுட்டு போகாதீங்க:

2/3 + ∫₂ᵖ 2(3 − x)/3 dx = 0.9

இத விரிச்சா p² − 6p + 8.7 = 0, ரெண்டு விடை வரும், 2.452, 3.548. 3க்கு மேல டென்சிட்டியே இல்ல, ரெண்டாவதை அடிச்சிடுங்க. 2/3ஐ மறந்தீங்கன்னா (3 − p)² = −1.7னு மைனஸ்ல வந்து நிக்கும், அந்தத் தப்பு தானாவே காட்டிக்கொடுத்துடும். என்னோடது காட்டிக்கொடுக்காத தப்பு.

எனக்கு விரிக்கிறதுக்கு பொறுமை கெடையாது, நான் வால் பக்கத்துல இருந்து போடுவேன். p-க்கு வலது பக்கம் மிச்சம் 0.1, அது ஒரு முக்கோணம், ஏரியா (3 − p)²/3. அப்போ 3 − p = √0.3 = 0.548, அதே 2.452. ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுற ஆளுங்களுக்கு இது பிடிக்காது, பரவால்ல.

ஹால்ல நான் பண்றது:
- சின்னதா ஒரு படம், 2ல ஒரு கோடு
- கோட்டுக்கு இடது பக்கம் ஏரியா எவ்ளோன்னு எழுதுறது
- விடை அந்தத் துண்டோட எல்லைக்குள்ள இருக்கான்னு பாக்குறது, மொத்த ரேஞ்சுக்குள்ள இல்ல!

இந்த தடவ வந்த கணக்குல மொத துண்டு ஏரியா வெறும் 0.3. மீடியனே ரெண்டாவது துண்டுலதான் இருந்துச்சு. பக்கத்து பெஞ்ச் பையன் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு எழுந்து போயிட்டான், நான் ஏரியாவ ரெண்டு தடவ கூட்டிப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.