ஒரே ரீடிங், இரண்டு கிராஃப்: கன்சாலிடேஷன் சோதனையில் Cv எடுக்கும்போது எங்கே கவனம் வைக்க வேண்டும்

எடை ஏற்றிய களிமண் நீர் வடிந்து எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்று சொல்லும் கன்சாலிடேஷன் குணகம் கண்டுபிடிக்கச் சொன்னால் பாதிப் பேர் Cv = Tv·d²/t என்ற சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதில் Tv என்பது காலக் காரணி, d நீர் வடிகிற தூரம், t நேரம். சூத்திரத்தில் யாரும் தப்புப் பண்ணுவதில்லை. மதிப்பெண் போவது அதற்குள் போடுகிற t-யில், அதிலும் குறிப்பாக, கிராஃபில் கன்சாலிடேஷன் பூஜ்ய சதவீதம் எங்கே, நூறு சதவீதம் எங்கே என்று முடிவு பண்ணுகிற இடத்தில். டெய்லரின் வர்க்கமூல முறையும் காசாகிராண்டேயின் லாக் முறையும் வேறுபடுவது அந்த ஒரு இடத்தில்தான், அதனால் ஒரே ரீடிங்கை இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டால் விஷயம் தானாகவே புரிந்துவிடும். நான் தேர்வுக்குப் படித்ததும் அப்படித்தான்.

பயிற்சிக்காக நான் எழுதி வைத்துக்கொண்ட எண்களையே எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் நுண்துளைக் கல் வைத்த களிமண் மாதிரி. அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலிலிருந்து 200-க்கு ஏற்றுகிறோம். ஏற்றும் நேரத்தில் மாதிரியின் தடிமன் 19.27 மி.மீ. டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடை வைத்த பிறகு, நிமிடமும் மி.மீ. இறக்கமும் இப்படி:

0.25 – 0.152
1 – 0.245
2.25 – 0.337
4 – 0.429
6.25 – 0.520
9 – 0.604
12.25 – 0.677
16 – 0.736
20.25 – 0.780
25 – 0.813
36 – 0.862
64 – 0.885
100 – 0.897
240 – 0.909
1440 – 0.932

நேரங்கள் விநோதமாக இருக்கிறதே என்று தோன்றினால், வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்: 0.5, 1, 1.5, 2, 2.5 என்று சீராக வரும். டெய்லர் கிராஃபில் புள்ளிகள் சம இடைவெளியில் விழ வேண்டும் என்பதற்காகவே இந்த நேரங்களில் ரீடிங் எடுக்கிறோம்.

முதலில் வர்க்கமூலம். கிடை அச்சில் √t, செங்குத்து அச்சில் இறக்கம், கீழ்நோக்கி. முதல் ஐந்து புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கின்றன. √t 1-லிருந்து 2-க்குப் போகும்போது இறக்கம் 0.245-லிருந்து 0.429 ஆகிறது, அதாவது ஒரு அலகுக்கு 0.184. அந்தக் கோட்டை இடதுபக்கம் நீட்டினால் √t = 0-வில் 0.061 மி.மீ. வருகிறது. டயல் காட்டிய பூஜ்யத்தை மறந்துவிடுங்கள், இனிமேல் இந்த 0.061-தான் நமக்குப் பூஜ்யம். மாதிரியில் மிச்சமிருக்கும் காற்று நசுங்குவது, கல்லும் மாதிரியும் ஒன்றோடொன்று படிந்து உட்காருவது போன்றவற்றால் எடை வைத்த நொடியே வருகிற இறக்கம் அது. நீர் வடிந்து வருகிற கன்சாலிடேஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இப்போது இரண்டாவது கோடு. முதல் கோட்டில் கணக்குக்கு வசதியான ஒரு இடம், √t = 4 என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இறக்கம் 0.797. அதே 0.797 மட்டத்தில் வலப்பக்கம் 4.6-ல் ஒரு புள்ளி வையுங்கள், அது 4-ஐ 1.15-ஆல் பெருக்கியது. அதை 0.061-உடன் சேர்த்துக் கோடு போட்டால் அது வளைவை வெட்டுகிற இடம் √t = 4.5, இறக்கம் 0.78. அதுதான் 90 சதவீதம் முடிகிற இடம், ஆக t90 = 20.25 நிமிடம். இரண்டாவது கோட்டை டயல் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அப்படிப் போட்டால் வெட்டுப்புள்ளி நகர்ந்துவிடும். இரண்டு கோடும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும்.

அந்த 1.15 எங்கிருந்து வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள், பதில் இரண்டே வரி. முடிந்த கன்சாலிடேஷனின் பங்கு U, மேலே சொன்ன Tv-தான் T என்றால், கன்சாலிடேஷன் ஏறக்குறைய 60 சதவீதம் ஆகிற வரைக்கும் U = √(4T/π), அதனால்தான் √t கிராஃபில் நேர்கோடு வருகிறது. அந்தக் கோடு வளையாமல் 90 சதவீதம் வரைக்கும் போயிருந்தால் √T 0.798 ஆக இருந்திருக்கும், உண்மையான தீர்வில் 90 சதவீதத்துக்கு T = 0.848, அதன் வர்க்கமூலம் 0.921. 0.921-ஐ 0.798-ஆல் வகுத்தால் 1.15. இது தெரிந்திருந்தால் ஒரு சோதனையும் கையில் இருக்கிறது: நம் கிராஃபில் நேர்கோடு 60 சதவீதம் வரை வந்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்பது 0.061-க்குக் கீழே 0.72 மி.மீ. என்றால் 100 சதவீதம் 0.80, அறுபது சதவீதம் 0.48, அதாவது ரீடிங் 0.54 பக்கம். வளைவு கோட்டை விட்டு விலக ஆரம்பிப்பது √t 2.5-ஐத் தாண்டிய பிறகுதான், அங்கே ரீடிங் 0.52. சரியாக இருக்கிறது. உங்கள் கிராஃபில் 30 சதவீதத்திலேயே கோடு முடிந்துவிட்டால், நீங்கள் கோடு போட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எடையைத் தயங்கித் தயங்கி வைத்திருந்தால் முதல் ஒன்றிரண்டு புள்ளிகள் விலகி நிற்கும், அவற்றை விட்டுவிட்டு அடுத்த புள்ளிகளோடு கோடு போடுவதுதான் முறை.

அடுத்து லாக். அதே எண்கள், செமி-லாக் தாள். லாக் அச்சில் நேரம் பூஜ்யம் என்ற இடமே கிடையாது, அதனால் பூஜ்ய ரீடிங்கைச் சுற்றுவழியில்தான் எடுக்க வேண்டும். ஆரம்பப் பகுதி பரவளையம் என்பதால் நேரம் நான்கு மடங்கானால் இறக்கம் இரண்டு மடங்காகும். 1 நிமிடமும் 4 நிமிடமும் எடுங்கள், வித்தியாசம் 0.184. 1 நிமிட ரீடிங்கிலிருந்து அதைக் கழித்தால் 0.061. இன்னொரு ஜோடி போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்: 0.25-உம் 1-உம் எடுத்தால் வித்தியாசம் 0.093, விடை 0.059. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஜோடியில் பெரிய நேரம் 50 சதவீதத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் பரவளையக் கணக்கு செல்லாது.

நூறு சதவீதத்தில்தான் தகராறு. நடுவில் வளைவு மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் ஒரு தொடுகோடு, இங்கே 9-க்கும் 12.25-க்கும் நடுவில். கடைசியில் சரிவு சீராகிவிட்ட பகுதிக்கு, அதாவது 240-க்கும் 1440-க்கும் ஒரு கோடு. இரண்டும் வெட்டுகிற மட்டம் 0.88. பாதி என்பது 0.061-க்கும் 0.88-க்கும் நடு, 0.47. வளைவில் 0.47 வருகிற நேரம் சுமார் 4.9 நிமிடம், அதுதான் t50. 50 சதவீதத்துக்கு T = 0.197.

இப்போது ஒருவர் 64 நிமிடத்தோடு சோதனையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். அவர் கையில் கடைசியாக இருப்பது 36-உம் 64-உம், அவற்றைச் சேர்த்துத்தான் வால் கோடு போடுவார். அந்தக் கோடு இன்னும் செங்குத்தாகத்தான் இருக்கும், வெட்டுமட்டம் 0.85 ஆகக் குறைந்துவிடும், t50 4.6 நிமிடம் ஆகிவிடும், Cv ஏழு சதவீதம் போலக் கூடிவிடும். லாக் முறைக்கு 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். டெய்லர் முறையில் இந்தத் தொல்லை இல்லை, t90 தாண்டியது தெரிந்ததும் விடை வந்துவிடுகிறது.

இனி d. மேலும் கீழும் நீர் வடிவதால் d என்பது தடிமனில் பாதி. எந்தத் தடிமன் என்றால், இந்த எடைப் படியின் சராசரித் தடிமன். ஆரம்பம் 19.27, முடிவு 18.34, சராசரி 18.80, ஆக d = 9.40 மி.மீ., d² = 88.4. பாதியாக்க மறந்தால் விடை நான்கு மடங்காகும், இது கேள்வித்தாள்களில் வேண்டுமென்றே வைக்கிற பொறி. ஒருபக்கம் மட்டும் வடிகிறது என்று கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும் முழுத் தடிமன்.

```
√t :  Cv = 0.848 × 88.4 / 20.25 = 3.70 mm²/min
log:  Cv = 0.197 × 88.4 / 4.9   = 3.55 mm²/min
```

ஆண்டுக் கணக்கில் வேண்டுமென்றால் 0.5256-ஆல் பெருக்குங்கள், 1.94-உம் 1.87-உம் சதுர மீட்டர். இரண்டு விடையும் நான்கு சதவீதம் வித்தியாசப்படுகிறது என்று பயப்பட வேண்டாம், உண்மையான களிமண்ணில் இதைவிட நிறையவே விலகும், பெரும்பாலும் வர்க்கமூல முறைதான் கூடுதலாகக் காட்டும். நீர் வடிந்து முடிந்த பிறகும் மெல்லத் தொடர்கிற இரண்டாம் நிலை இறுக்கம், நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் சேர்ந்து நடக்கிறது. லாக் முறை நூறு சதவீதத்தை வாலில் போய்த் தேடுவதால் அந்த இறுக்கத்தில் கொஞ்சத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நம் எண்களிலேயே பாருங்கள்: டெய்லர் கணக்குப்படி நூறு சதவீத ரீடிங் 0.061 + 0.80 = 0.861, லாக் முறையில் 0.88.

விடை எழுதிய பிறகு நான் எப்போதும் ஒரு வகுத்தல் போட்டுப் பார்ப்பேன். t90-ஐ t50-ஆல் வகுத்தால் கோட்பாட்டின்படி 0.848/0.197, அதாவது 4.3 வர வேண்டும். நமக்கு 20.25/4.9 = 4.1, பரவாயில்லை. 2 அல்லது 8 என்று வந்தால் ஏதோ ஒரு கிராஃப் தவறு, அல்லது அந்த மண் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான டெர்சாகி கோட்பாட்டுக்கு அடங்காத மண்.

அடங்காத மண் நிஜமாகவே உண்டு. கரிமப் பொருள் அதிகமுள்ள மண்ணிலும், எடையை இரட்டிப்பாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்போதும், லாக் கிராஃபில் அந்த S வடிவமே வராது. வளைவுமாற்றப் புள்ளி இல்லாத வளைவில் தொடுகோடு எங்கே போட்டாலும் அது நம் விருப்பம்தான், அப்போது t50-க்கு அர்த்தமில்லை. அங்கே ஆரம்ப நேர்கோடு தெளிவாக இருந்தால் டெய்லர் முறையை எடுத்துக்கொண்டு, லாக் முறை ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வண்டல் மண்ணில் நிலைமை வேறு: ஒரு நிமிடத்துக்குள்ளேயே பெரும்பகுதி முடிந்துவிடும், முதல் ரீடிங் எடுப்பதற்குள் நேர்கோடு போய்விடும். அந்த மாதிரிக்கு டெய்லர் கோடு போட்டு எடுத்த Cv-யை இரண்டு தசம இடத்துக்கு எழுதாதீர்கள், எந்த அளவில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.