நெரிசல் இல்லாவிட்டால் எந்தத் திகதி?

கொன்டெய்னரைப் பிந்தி எடுப்பதற்கான டிமரேஜ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டிருந்தேன். ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டிமரேஜ் பார்க்கும் பெண் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சரி அண்ணா, போர்ட்டில நெரிசலே இல்லையெண்டு வைப்பம். நீங்கள் கொன்டெய்னரை எத்தனையாம் திகதி எடுத்திருப்பீங்கள்?"

நான் சொன்னேன்: "எங்கட கடதாசி எல்லாம் பத்தாம் திகதியே ரெடி, மிஸ்."

சொன்னது உண்மை. சுங்கப் பிரகடனம் ஒன்பதாம் திகதி போட்டாயிற்று, தீர்வை பத்தாம் திகதி கட்டியாயிற்று. ரசீது என் மேசையில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. அவருக்கும் அது விளங்கியிருக்கும், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிரின்சிபலுக்கு எழுதிப் பார்க்கிறன்" என்றார். பிரின்சிபல் என்றால் அவர்களுக்கு மேலே உள்ள கப்பல் கம்பனி. அவ்வளவுதான் உரையாடல்.

2025 ஜனவரி எப்படி இருந்தது என்று இறக்குமதி செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் சோதனைக்குக் காத்து நின்ற கொள்கலன்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. நெரிசலைக் குறைக்க 323 கொள்கலன்களை நேரடிச் சோதனை இல்லாமல் விட்டார்கள், பிறகு அது பெரிய அரசியல் சர்ச்சையானது. எங்களுடையது அந்த 323க்குள் இல்லை. எங்கள் பெட்டிக்குச் சோதனை விழுந்திருந்தது, முறைப்படி வரிசையில் நின்றது. உள்ளே இருந்தது அறுவடை மெசின்களின் ரப்பர் ட்ராக்கும் பெல்ட்டும் கத்திகளும். காலபோக வெட்டு தொடங்கும் நேரம். நெடுங்கேணியிலிருந்தும் முருங்கனிலிருந்தும் மெசின்காரர்கள் வவுனியாக் கடைக்கு நாளுக்கு நாலு தரம் எடுத்து, "வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணக்கைச் சொல்லாமல் என் குழப்பம் விளங்காது. நாற்பது அடிப் பெட்டி ஒன்று. ஏஜென்டின் நோட்டீஸில் இலவச நாள் ஏழு, அதன் பிறகு முதல் ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு 40 டொலர், அதற்கு மேல் 80 டொலர். துறைமுகம் எடுக்கும் வாடகை இதற்குள் வராது. அது டெர்மினலுக்குக் கட்டுவது, அதையும் கட்டினோம். டிமரேஜ் கப்பல் கம்பனியின் பெட்டியை வைத்திருப்பதற்கான காசு. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நின்ற நாட்களும் இதில் சேராது. பெட்டி இறங்கிய பிறகுதான் மணிக்கூடு ஓடத் தொடங்கும். அதனால் "கப்பல் பிந்தி வந்தது" என்று வாதாடிப் பயனில்லை. பல பேர் கடிதத்தை அப்படித்தான் தொடங்குகிறார்கள், ஏஜென்ட் இரண்டாவது பந்தியை வாசிக்கவே மாட்டார்.

எங்கள் பெட்டி கப்பலிலிருந்து இறங்கியது ஜனவரி 6, திங்கட்கிழமை, இரவு 11.40க்கு. ஆறாம் திகதியையே முதல் நாளாக எண்ணினார்கள். மிச்சமிருந்த இருபது நிமிடம் ஒரு இலவச நாள். அப்படி எண்ணினால் ஏழு நாளும் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. 11, 12 சனி ஞாயிறு. 13 போயா. 14 தைப்பொங்கல். நாட்காட்டி நாள் என்றால் விடுமுறையும் சேர்த்தி, அதில் இரக்கம் கிடையாது. சோதனைக்கு எங்கள் முறை வந்தது 22ஆம் திகதி. பெட்டி வெளியே வந்தது 23ஆம் திகதி. ஆக 13 முதல் 23 வரை பதினொரு நாள். ஐந்து நாளுக்கு 200, ஆறு நாளுக்கு 480, மொத்தம் 680 டொலர். அதையும் ஏஜென்டின் மாற்று விகிதத்தில் கட்ட வேண்டும், அது வங்கி விகிதத்தை விட எப்போதும் ஒரு படி மேலே நிற்கும்.

20ஆம் திகதி எழுதிய கடிதத்தில் முழுத் தொகையையும் தள்ளுபடி செய்யக் கேட்டேன். நாலு காரணம் எழுதினேன், அவற்றில் இரண்டைத்தான் நானே முழுதாக நம்பினேன். அந்த இரண்டையும் சொல்கிறேன்.

முதலாவது, பதினான்கு நாள். சரக்கு அனுப்பியவருக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்த ஃபோர்வேடர் சீனாவிலிருந்து அனுப்பிய விலைக் கடிதத்தில் "14 நாள் இலவசம்" என்று தெளிவாக இருந்தது. ஆனால் கப்பல் கம்பனி சரக்குக்குத் தரும் பத்திரமான பி.எல்.லில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலவச நாளைக் கூட்டிக் கொடுப்பது ஏற்றுமதித் துறைமுகத்தில், புக்கிங் போடும்போது நடக்கும் பேச்சு. அது கப்பல் கம்பனியின் கணினியில் ஏறியிருக்க வேண்டும், அல்லது பி.எல்.லில் அச்சாகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கொழும்பு ஏஜென்டின் திரையில் ஏழுதான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்ததைச் சொன்னார். ஃபோர்வேடரிடம் உறுதிப்படுத்தக் கேட்டு எழுதினோம். அங்கே 29ஆம் திகதி சீனப் புத்தாண்டு, ஆட்கள் ஊருக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். பதில் வரவில்லை.

இரண்டாவது, துறைமுக நாட்கள். இதுதான் என் உண்மையான வழக்கு. டிமரேஜ் எதற்கு? பெட்டியைச் சீக்கிரம் எடுக்க வைப்பதற்கு. எடுக்கவே முடியாத ஒருவனிடம் நாளுக்கு 80 டொலர் வாங்கினால் பெட்டி ஒரு மணி நேரம்கூட முந்தி வெளியே வராது. அமெரிக்காவில் கடல்சார் ஆணைக்குழு 2020இல் கிட்டத்தட்ட இதே நியாயத்தை வழிகாட்டலாகவே வெளியிட்டது: சரக்கு நகர்வதை ஊக்குவிக்கிறதா என்று பார்த்துத்தான் அந்தக் கட்டணம் நியாயமா என்று தீர்மானிக்க வேண்டும். அதையும் கடிதத்தில் எழுதினேன். "அது அமெரிக்கா, அண்ணா" என்றார் அந்தப் பெண். அவர் சொன்னதும் சரிதான். இங்கே நம்மைக் கட்டுவது பி.எல்.லின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தும் கப்பல் கம்பனியின் கட்டண அட்டவணையும். சுங்கச் சோதனைக்காக நிற்பது சரக்குக்காரனின் பாடு என்பது அவர்கள் நிலைப்பாடு. நெரிசல் அவர்கள் பிழை இல்லைத்தானே. எங்கள் பிழையும் இல்லை. யாருடைய பிழையும் இல்லாத நாட்களுக்கு ஏன் எப்போதும் ஒரே ஆள் காசு கட்டுகிறான் என்பதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அந்த நாட்கள் எத்தனை? அவர் கேள்வி அங்கேதான் குத்துகிறது.

நேர்மையாகப் பார்த்தால், நெரிசல் இல்லாத ஒரு சாதாரண ஜனவரியில் 11ஆம் திகதி பெட்டியை எடுத்திருப்போமா? இல்லை. நாலு நாள் விடுமுறை முடிந்து 15 புதன்கிழமை சோதனை, 16 வியாழக்கிழமை லொறி. கொழும்பில் எங்கள் வேலை பார்க்கும் கிளியரிங் தம்பியிடம் கேட்டேன், அவனும் 16 என்றான். அப்படியென்றால் 13 முதல் 16 வரை நாலு நாள் எங்கள் கணக்கு, 160 டொலர். 17 முதல் 23 வரை ஏழு நாள் நெரிசலின் கணக்கு. இரவு 11.40 கூத்தையும் நீக்கி ஏழாம் திகதியிலிருந்து எண்ணினால் எங்கள் பங்கு 120. வேடிக்கை என்னவென்றால், நெரிசலை விட்டுவிட்டு அந்தப் பதினான்கு நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் இதே 160, 120தான் வருகிறது.

"பதினாறாம் திகதி எடுத்திருப்பம், மிஸ். அதுவரைக்கும் கட்டுறம். மிச்ச ஏழு நாளும் எங்கட இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? பேரத்தில் முதலில் இறங்குகிறவன் தோற்பான் என்பது கடைப் பழக்கம். முதலாளியிடம் கேட்காமல் ஒரு டொலரைக்கூட ஒப்புக்கொள்ள எனக்கு உரிமையும் இல்லை. நாலு நாளை எங்கள் வாயாலே ஒப்புக்கொண்டால், "நீங்களே ஒத்துக்கொண்டீங்கள்தானே" என்று அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

அந்த உரையாடலுக்கு மறுநாள் காலை, 23ஆம் திகதி, பதில் வந்தது. நாற்பது வீதத் தள்ளுபடி. வணிக நல்லெண்ணத்தின் பேரில், இந்த ஒரு தடவை மட்டும். கட்டணம் சரியாகவே விதிக்கப்பட்டது. மேற்கொண்டு உரிமை கோர முடியாது. இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டு பதில் எழுதினால்தான் டிலிவரி ஓடரை நீடித்துத் தருவார்கள். அதன் திகதி 12ஆம் திகதியோடு முடிந்திருந்தது, நீடிக்காமல் பெட்டி கேற்றைத் தாண்டாது. லொறி கொழும்பில் நின்றது. முதலாளி, "கட்டு" என்றார். 408 டொலர் கட்டினோம். எதிர்ப்போடு கட்டுவதாக ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்த்தால் தள்ளுபடி இல்லை என்றார்கள்.

272 டொலர் மிச்சம் என்று முதலாளி சந்தோஷப்பட்டார், கடைக்கு வந்தவர்களிடம் சொல்லியும் காட்டினார். என் கணக்கில் நாங்கள் 248 டொலர் கூடக் கட்டியிருக்கிறோம். நான் எல்லாவற்றையும் கேட்டதால்தான் அவர்கள் அதைச் சந்தை விலைபோல் பாதிக்குக் கிட்ட வெட்டிக் கொடுத்தார்கள் என்று சில நாள் தோன்றுகிறது. ஏழு நாளை மட்டும் தனியே பிரித்து, பத்தாம் திகதித் தீர்வை ரசீதையும் சோதனை வரிசைப் பதிவையும் 22ஆம் திகதிச் சோதனை முடிவையும் அடுக்கி வைத்திருந்தால், அந்தப் பெண்ணுக்குப் பிரின்சிபலிடம் வாதாட ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் கேட்டதே அதற்காகத்தானோ? அல்லது என்னிடமிருந்து ஒரு திகதியை வாங்கி எனக்கெதிராகவே எழுதத்தானோ? குரலில் எதுவும் தெரியவில்லை. இன்னொரு நாள் யோசித்தால், அவர்கள் எந்தக் கடிதத்துக்கும் நாற்பது வீதம்தான் கொடுத்திருப்பார்கள், நான் வீணாக மண்டையை உடைக்கிறேன் என்று படுகிறது.

இப்போது புதிய ஓடர் போடும்போது இலவச நாளை பி.எல்.லிலேயே அச்சடிக்கச் சொல்கிறோம். டிராஃப்ட் வரும்போதே பார்க்கிறேன், இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறேன். அது சின்ன வேலை.

போன மாதம் கிளிநொச்சியில் பம்ப் இறக்கும் ஒருவர் இதே மாதிரி ஒரு பில்லோடு எடுத்தார், என் பழைய கடிதத்தைக் கேட்டார். அதை அனுப்பாமல், நாட்களை இரண்டு நிரலாகப் பிரித்து ஒரு அட்டவணை செய்து அனுப்பினேன்: உங்களுடைய நாட்கள், உங்களுடையது அல்லாத நாட்கள். அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். "தம்பி, முதல் நிரலில மூண்டு நாள் போட்டிருக்கிறியள். அவங்களே கேக்காம நாங்கள் ஏன் அதைக் குடுக்கவேணும்?"

உங்கள் விருப்பம் அண்ணை என்றேன். அவர் எந்தக் கடிதத்தை அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை.