14 கோடி வாராக்கடனும் தணிக்கைக் குழுத் தலைவரின் கடிதமும்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் உற்பத்தி நிறுவனத்தில் உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைமை வகிக்கிறேன். ஒரு டீலர் தரவேண்டிய 14 கோடி ரூபாயை வாராக்கடனாக எழுதித் தள்ளியபோது, நிதிப் பிரிவு சொன்ன காரணம் ஒரே வரிதான்: டீலர் நொடித்துவிட்டார். போர்டு கூட்டம் முடிந்த கையோடு, சிறப்பு ஆய்வு கேட்டுத் தணிக்கைக் குழுத் தலைவர் எனக்குக் கடிதம் அனுப்பினார்.

டீலர் ஏன் பணம் தரவில்லை என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பணம் வராது என்பது நம் கம்பெனியில் யாருக்கு, எப்போது தெரிந்தது என்று கேட்டிருந்தார். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 177 குழுவுக்குத் தரும் விசாரணை அதிகாரத்தைச் சுட்டியிருந்ததால், ஆவணம் தர யாரும் தயங்கவில்லை. அறிக்கை நேராக அவருக்கே வர வேண்டும். சம்பந்தப்பட்டவர்களின் மின்னஞ்சல்களை அன்றே பாதுகாக்க வேண்டும். வரவேண்டிய கடன்கள் பற்றி எங்கள் பிரிவு முன்பு கொடுத்த அறிக்கைகளை மட்டும் வெளியார் பார்ப்பார்கள். இந்தக் கடைசி ஏற்பாடு மிகச் சரி. எங்கள் வேலைக்கு நாங்களே மதிப்பெண் போட்டால் யார் நம்புவார்கள்?

கடிதத்தில் கால எல்லை இல்லை. மூன்று நிதியாண்டுகள், அந்த டீலரோடு அதே மண்டலத்தின் மற்ற பெரிய டீலர்களும் என்று எழுதி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். மோசடிக்கான அறிகுறி தெரிந்தால், யாரையும் விசாரிக்கும் முன் அவரிடம் சொல்வதாகவும் எழுதினேன்.

அப்புறம் கடன்களின் வயதுப் பட்டியலை எடுத்தோம். 180 நாள் தாண்டிய பாக்கிக்கு முழுத் தொகையையும் இழப்பாகக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பணமே சரியாகக் கட்டாத இந்த டீலரின் பில்களோ ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் 180 நாளுக்குள்ளேயே இருந்தன. லெட்ஜரைப் புரட்டியதும் காரணம் புரிந்தது. மார்ச் 28 அன்று 62 லட்சத்துக்கு, சரக்கு திரும்பியதாக ஒரு கிரெடிட் நோட். மறுநாள் அதே சரக்குக்கு அதே தொகையில் புது பில். கேட் பதிவேட்டில் சரக்கு உள்ளே வந்த பதிவு இல்லை. புது பில்லுக்கு இ-வே பில்லும் இல்லை, லாரி ரசீதும் இல்லை. சரக்கு அசையவில்லை, தேதி மட்டும் மாறியது. இதே ஜோடி ஒவ்வொரு காலாண்டின் கடைசி வாரத்திலும் கிடைத்தது.

கிரெடிட் நோட்டுகளுக்கு ஒப்புதல் தந்தவர் மண்டல மேலாளர். பாக்கி 180 நாள் தாண்டினால் அவருடைய ஊக்கத்தொகை வெட்டுப்படும். இது தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டுத் தலைவரிடம் சொன்னேன். சட்டப் பிரிவின் ஆள் உடனிருக்க, பிறகுதான் மேலாளரைக் கேட்டோம்.

இழப்பில் பெரும்பகுதி போன ஆண்டிலேயே ஒதுக்கியிருக்க வேண்டியது என்று அறிக்கையில் எழுதினேன். அப்படியானால் அது இந்த ஆண்டுச் செலவு ஆகாது. Ind AS 8 என்ற கணக்கியல் தரநிலையின்படி முந்தைய ஆண்டின் பிழை. தொகை பெரிதென்றால் பழைய கணக்கைத் திருத்திக் காட்ட வேண்டும். தலைவர் அன்றே சட்டமுறைத் தணிக்கையாளரை அழைத்தார். அதே சட்டத்தின் பிரிவு 143(12)-இன் கீழ் மோசடி பற்றி அரசுக்கு அறிக்கை தர வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தத் தணிக்கையாளர்தான்.