இட்லியை எடை போட்ட மனுஷன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாவுச்சட்டி எரிமலையாகி விட்டது. மேடையில் வழிந்த மாவு அடுப்பைக் கடந்து, சிலிண்டரைக் குளிப்பாட்டி, அத்தை புளி போட்டு வைத்திருந்த ஜாடி வரைக்கும் போய் விசாரித்து விட்டு வந்திருந்தது. சட்டிக்குள்ளே மிச்சம் இருந்ததே ஒரு பந்திக்குக் காணும். இந்தப் புண்ணியவான் பக்கத்தில் நின்று, "பாத்தியா, எப்படிப் பொங்கியிருக்கு!" என்று பெருமைப்படுகிறார்.

இவர் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த விஷயம்தான் தெருவுக்கே தெரியுமே. ஆபீஸ் லிஃப்ட் பழுதானால் லீவு போடலாமா என்று யோசிக்கிற மனுஷன். அங்கே இருக்கிற பயிற்சியாளர் பையனுக்கு மீசை இப்போதுதான் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. அவன் இவரிடம், "சார், காலைல 20 கிராம் புரோட்டீன் உள்ள போகணும். இட்லில ஒண்ணுமே இல்ல சார், அது வெறும் மாவு" என்று சொல்லி விட்டான். தாலி கட்டின நாளிலிருந்து நான் சொன்னது எதுவும் காதில் ஏறியதில்லை. அவன் சொன்னது ஒரே நாளில் வேதவாக்கு.

அடுத்த நாளே ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வந்து இறங்கியது. தட்டில் இட்லி விழுந்ததும் இவர் அதை எடுத்துத் தராசில் வைத்தார். 50 கிராம். அடுத்தது 48. "ஏன் ரெண்டு கிராம் குறையுது?" என்று என்னைக் கேட்டார். அத்தை அப்போதுதான் பூஜையை முடித்து விட்டு வந்தார். "ஏண்டா, சோத்த நிறுத்துத் திங்கிற அளவுக்கு வீட்டுல பஞ்சமா?" என்று போட்ட சத்தத்தில் தராசே ஒரு நிமிஷம் பூஜ்யம் காட்டியது.

சனிக்கிழமை நானும் அத்தையும் திருமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க, மாவு நான் ஆட்டி வைக்கிறேன்" என்றார். கிரைண்டர் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டவர் சொன்னார்! எங்கள் வீட்டுக் கணக்கு நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. அத்தையின் மாமியார் காலத்துக் கணக்கு, கல்வெட்டில் மட்டும்தான் வெட்டி வைக்கவில்லை. இவர் ஒன்றை இரண்டாக்கி விட்டார். உளுந்துதானே புரோட்டீன், அதை இரட்டிப்பாக்கினால் இட்லியிலும் இரட்டிப்பாகிவிடும் என்பது இவர் சித்தாந்தம்.

உளுந்து மாவுக்குக் காற்றைப் பிடித்து வைக்கிற குணம் உண்டு. அளவாகப் போட்டால் அதனால்தான் இட்லி பூப்போல இருக்கும். அளவு மீறினால் சட்டி வழியும். வழிந்தது போக மிச்சத்தை ஊற்றி வேக வைத்தேன். மூடி போட்டிருந்த வரைக்கும் கும்மென்று எழும்பி இருந்தவை, மூடியைத் திறந்ததும் தொப்பென்று படுத்து விட்டன. துணியிலிருந்து எடுத்தால் பாதி இட்லி துணியோடு போகிறது. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. சரி, தோசையாவது வார்ப்போம் என்றால், முறுகவே இல்லை. மெத்து மெத்தென்று தடியாக வந்து கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. உளுந்து கூடிப்போன மாவில் தோசை முறுகாது என்பது இவரைத் தவிர மதுரையில் எல்லோருக்கும் தெரியும்.

இதில் பெரிய அடி எங்கள் பையன் கொடுத்ததுதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் வாங்காத பேரை அன்றைக்கு வாங்கினான். தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு டம்ளர் 200 கிராம். அரிசியில் நூறு கிராமுக்கு 7 கிராம் புரதம், உளுந்தில் சுமார் 24. பழைய கணக்கில் 800 கிராம் அரிசிக்கு 56, 200 கிராம் உளுந்துக்கு 48, மொத்தம் 104. அதில் ஐம்பது இட்லி வரும். ஆக, இட்லிக்கு 2 கிராம். இப்போது உளுந்து இரட்டிப்பு என்பதால் மொத்தம் 152.

"பாத்தியா!" என்று இவர் துள்ளினார்.

"இருங்கப்பா. மாவும் கூடிருச்சுல்ல? வழியாம இருந்திருந்தா அறுபது இட்லிக்கு மேல வந்திருக்கும். அப்ப ஒரு இட்லிக்கு ரெண்டரை. நாலு இட்லி சாப்பிட்டா முன்னாடி 8, இப்ப 10. ரெண்டு கிராமுக்காகத்தான் சிலிண்டர் குளிச்சிருக்கு."

இவர் தராசை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். திருந்தி விட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இவரைத் தெரியாது.

அடுத்தது முளைகட்டின பயறு. "முளை விட்டா புரோட்டீன் டபுள் ஆகுதாம்" என்று அந்தப் பையன் மறுபடியும் ஓதியிருக்கிறான். பச்சைப் பயறை ஊற வைத்துத் துணியில் கட்டி, அதற்குத் தண்ணீர் தெளித்து, ராத்திரி எழுந்து எழுந்து போய்ப் பார்த்து, பிள்ளை பிறந்தபோது கூட இவ்வளவு முழித்ததில்லை. முளை மூக்கு விட்டதும் அரைத்திருக்கலாம். இன்னும் வளரட்டும், வளர்ந்தால் சத்து ஏறும் என்று விட்டு வைத்து, அது ஒரு விரற்கடை நீளத்துக்கு வால் விட்டு, துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அதை அப்படியே மிக்ஸியில் போட்டு அரைத்துக் கல்லில் ஊற்றினார்.

அது தோசையாக மறுத்தது. ஓரம் கருகுகிறது, நடு வேகவில்லை, திருப்பப் போனால் பிய்ந்து பிய்ந்து வருகிறது, பச்சைப் புல் வாடை வேறு. அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "வால் விட்டுப்போச்சுன்னா அதுல இருக்கிற மாவச் செடி தின்னுரும்டா. அப்புறம் அது எங்கிட்டு ஒண்ணாச் சேரும்? அதைத் தாளிச்சு வை, மத்தியானம் பொரியல்" என்று முடித்து விட்டார். பிறகு காய்ந்த பயறு ஒரு டம்ளர் அளந்து ஊற வைத்து, மூக்கு மட்டும் விட்டதும் எடுத்து, அதோடு ஊறின பச்சரிசி ஒரு கைப்பிடி, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் போட்டுக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, அடுப்பைக் குறைத்து வைத்து அவரே ஊற்றிக் காட்டினார். புளிக்க வைக்கவே வேண்டாம். சட்டென்று பெயர்ந்து வந்தது. ஒன்பது தோசை. தோசைக்கு 5 கிராமுக்கு மேல் என்று பையன் சொன்னான்.

டபுள் சமாசாரத்தையும் அவனே உடைத்து விட்டான். காய்ந்த பயறு நூறு கிராமில் 24 கிராம் இருக்கிறது. முளை கட்டினால் அது தண்ணீர் குடித்து முந்நூறு கிராம் ஆகிவிடுகிறது. உள்ளே இருப்பதோ கிட்டத்தட்ட அதே 24தான். நன்றாகச் செரிக்கும், வைட்டமின் சி-யும் கூடும், அவ்வளவுதான். ஒரு கிண்ணம் முளைப்பயறில் 7, 8 கிராம் கிடைக்கும். இவர் அந்தக் கிண்ணத்தையே 24 என்று நினைத்து ஜிம்மில் மார்தட்டியிருக்கிறார்.

நடுவில் ஒருநாள் பனீரை உதிர்த்து உப்புமாவில் போட்ட கதையும் உண்டு. ருசி பரவாயில்லை, 50 கிராம் பனீரில் 9 கிராம் வந்து விடுகிறது. ஆனால் அத்தை அதைப் பார்த்து விட்டு, நேற்றைய இட்லியை உதிர்த்துப் போட்டு அவரை ஏமாற்றுகிறோம் என்று பிடிவாதமாக நம்பி, தட்டைத் தள்ளி விட்டுக் காப்பி மட்டும் குடித்தார்.

எதிர்வீட்டு அண்ணனும் ஆசைப்பட்டுத் தராசைக் கடன் கேட்டு வந்தார். அக்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கிரியேட்டினின் கூடியிருக்கிறது, பருப்பையே அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சிறுநீரகம் சரியில்லாதவர்கள் ஜிம் பையன் பேச்சைக் கேட்டு ஆடக் கூடாதுதான்.

கடைசியில் விடை எங்கே இருந்தது என்கிறீர்கள்? தொட்டுக்கொள்கிறதில். நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்புதான் போட்டுக்கொண்டிருந்தேன். விலைவாசி அப்படி. ஐம்பது கிராம் என்று வைத்தால், ஆளுக்கு மூணு கிராம் புரதம் கூடத் தேறாது. அதை 150 கிராமாக்கிக் கெட்டியாக வைத்தால் ஆளுக்கு 8. பொட்டுக்கடலைச் சட்னியில் நூறு கிராம் பொட்டுக்கடலை போட்டு அரைத்தால் ஆளுக்கு 5. அத்தை கணக்கில் ஆட்டின பழைய இட்லி நாலு, அதில் 8. கூட்டிப் பாருங்கள், 21. மாவில் கை வைக்கவே வேண்டாம். ஆனால் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட வேண்டும், ஓரத்தில் தொட்டு அழகு பார்க்கக் கூடாது.

இன்று காலை அதே கணக்கில் பரிமாறினேன். இவர் தராசு இல்லாமலே பெருமையாகச் சாப்பிட்டார். பையன் விளையாட்டுக்கு, "அப்பத்தா, உங்க தட்டுல எவ்வளவுன்னு பாப்போமா?" என்றான். இரண்டு இட்லி, மேலே கொஞ்சம் சர்க்கரை. 4 கிராம். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்றால், அதுவும் இரண்டு இட்லி. முட்டி வலிக்கிறது, எழுந்தால் கால் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். பல் இல்லாததால் சுண்டலும் இல்லை, கறியும் இல்லை. தசை கரைகிற வயசு அவருக்கு. நாங்கள் பத்து நாளாக அளந்தது இந்தத் தொப்பைக்கு.

இவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ச் சட்டியின் அடியிலிருந்து பருப்பாக ஒரு கரண்டி அள்ளி வந்து, அத்தையின் இட்லியைப் பிசைந்து ஊற்றினார்.

"என்னடா இது, சேறாட்டம்?"

"சாப்பிடும்மா. நாளைக்கு ஒரு முட்டையும் அடிச்சுத் தோசையில ஊத்தித் தர்றேன், மெத்துனு இருக்கும்."

"நாளைக்குச் சனிக்கிழமை. கோயிலுக்குப் போகணும்."

"சரி, ஞாயித்துக்கிழமை."

"அந்தக் கல்லுல ஊத்தாத. எனக்குன்னு தனிக் கல்லு வாங்கிட்டு வா."

ஆக, இந்த வீட்டில் இப்போது இரண்டு தோசைக்கல். இரண்டையும் தேய்க்கப் போவது யார் என்று மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை.